மஞ்சள் காமாலையால் ஏழு வாரம் நின்ற டியூஷன்: ஒரு நிகழ்வு ஆய்வு

உச்சிப்புளியில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறோம். கணக்கு என்னுடையது, இயற்பியலும் வேதியியலும் மற்ற இருவருடையது. 2024-25 கல்வியாண்டில் எங்களிடம் படித்த ஒரு மாணவி உடல்நலக் குறைவால் நடுவில் நிறுத்திவிட்டு மறுபடியும் வந்து சேர்ந்தார். அப்போது நாங்கள் எடுத்த முடிவில் ஒரு பிழை இருந்தது, அது மூன்று மாதம் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. டியூஷன் நடத்துகிறவர்களுக்கும் பிள்ளையை அனுப்புகிற வீட்டாருக்கும் உதவும் என்பதால் நடந்தபடியே எழுதுகிறேன். அந்தக் குடும்பத்திடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், ஆனாலும் அடையாளம் தெரியும்படி எதையும் சொல்லவில்லை.

பின்னணி

மண்டபம் பக்கம் கடலோர ஊர் அந்தப் பெண்ணுக்கு. அப்பா விசைப்படகில் வேலைக்குப் போகிறவர், அம்மா வீட்டில். பள்ளி விட்டதும் பஸ் ஏறி ஐந்தரைக்கு எங்களிடம் வருவாள், ஏழரைக்கு முடிந்து திரும்பப் பஸ். வாரத்தில் ஆறு வகுப்பு, ஒரு பாடத்துக்கு இரண்டு.

அந்த பேட்ச்சில் 34 பிள்ளைகள். ஜூன் முதல் பிப்ரவரி வரை ஒன்பது மாதத்துக்கு மூன்று பாடத்துக்கும் சேர்த்து 18,000 ரூபாய். எங்கள் பக்கம் ஜூனில் பெரிய தொகை கேட்க முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், வீட்டில் வருமானமே இருக்காது. தடை முடிந்து படகு போய் கையில் காசு புழங்க ஆகஸ்ட் ஆகிவிடும். அதனால் ஜூனில் 4,000, ஆகஸ்ட்டில் 8,000, நவம்பரில் 6,000 என்று மூன்று தவணையாக வைத்திருந்தோம். இந்தக் குடும்பம் ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே இரண்டாம் தவணையைக் கட்டிவிட்டது. ஆக 12,000 ரூபாய் எங்கள் கையில் இருந்தது.

நடுவில் நிறுத்தினால் என்ன செய்வது என்று எங்களிடம் எழுதி வைத்த விதி எதுவும் கிடையாது. ரசீதில் பெயர், தொகை, தேதி மட்டும்தான் இருக்கும். கல்யாணம், கோயில் கொடை, கந்தூரி என்று நாலு நாள் வராத பிள்ளைகள் உண்டு, அதை யாரும் கணக்குப் பார்த்ததில்லை.

என்ன நடந்தது

ஆகஸ்ட் 12 திங்கட்கிழமை அவள் வரவில்லை. வருகைக் குறிப்பேட்டில் வெறும் கோடு போட்டுவிட்டு விட்டுவிட்டேன். அந்த வாரம் முழுக்கவே கோடுதான். காய்ச்சல், வாந்தி என்று தோழி ஒருத்தி சொன்னாள். 19-ஆம் தேதி காலையில் அவள் அம்மா போன் செய்தார்.

"சார், பிள்ளைக்கு மஞ்சக்காமாலையாம். கண்ணெல்லாம் மஞ்சளாக் கெடக்கு. டாக்டர் ஒன்றரை, ரெண்டு மாசத்துக்கு எங்கயும் அலைய விடாதீங்கன்னுட்டாரு. பரமக்குடில எங்க அக்கா வீட்டுல வச்சுப் பாக்கப் போறோம். கட்டுன காசு வீணாப் போயிருமா சார்?"

வீணாகாது, உடம்பைப் பாருங்கள் என்றேன். அந்த நேரத்தில் சொல்ல வேண்டியதும் அதுதான்.

அடுத்த நாள் அவளுடைய தாய்மாமா வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார். அவர் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவர், கேட்டதும் கணக்காகவே இருந்தது. எந்தத் தேதியிலிருந்து நிறுத்தியதாக எடுத்துக்கொள்வீர்கள், கட்டிய பணத்தில் மீதி அப்படியே இருக்குமா, திரும்பி வரும்போது பழைய கட்டணமா புதிய கட்டணமா, எப்போதுக்குள் வந்தால் இதே பேட்ச்சில் இடம் இருக்கும் என்று நாலு கேள்வி. கடைசியில், "பதிலை எழுத்துல அனுப்புங்க சார், அக்காவுக்குக் காட்டணும்" என்று இருந்தது. மரியாதையாகவும் தெளிவாகவும் கேட்டிருந்தார். சண்டைக்கு வந்த தொனி துளிகூட இல்லை, அதனால்தான் எங்களாலும் நிதானமாக உட்கார்ந்து யோசிக்க முடிந்தது.

அன்று மாலை அந்தப் பெண்ணே அம்மா போனிலிருந்து பேசினாள். குரல் சோர்ந்து போயிருந்தது. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"சார், நான் வர்றதுக்குள்ள அஞ்சாவது பாடம் போயிருமா?"

"வந்ததும் எடுத்துரலாம்மா, நீ ரெஸ்ட் எடு" என்று சொல்லி போனை வைத்தேன். ஐந்து கேள்விகளில் மிக முக்கியமானது அதுதான். மற்ற நான்குக்கும் எழுத்தில் பதில் போனது, இதற்கு மட்டும் வாய்ப்பேச்சோடு போயிற்று.

அப்போது எடுத்த முடிவுகளும் காரணமும்

மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். முதலில் பணம். மாதத்துக்கு 2,000, நாலு வாரம் ஒரு மாதம் என்று வைத்தால் வாரத்துக்கு 500. ஏழு வாரம் நிறுத்தினால் 3,500. இதை முழுசாகக் கழிப்பதா, பாதியா, அல்லது ஒன்றும் கழிக்காமல் பிறகு பார்க்கலாம் என்று விடுவதா?

வேதியியல் சார் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு பிள்ளை நடுவில் நின்றால் கட்டட வாடகை குறையாது, கரண்ட் பில் குறையாது, ஆகஸ்ட்டுக்கு மேல் அந்த இடத்தில் புதிதாக யாரும் வந்து சேரவும் மாட்டார்கள். முழுசாகக் கழித்தால் அது எங்கள் கையிலிருந்து போகிற பணம்தான். ஆனாலும் படகு வேலைக்குப் போகிற வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு வந்திருக்கும்போது அவர்களிடம் பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை.

அளவுகோலாக ஒன்று கையில் இருந்தது. 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் பயிற்சி மையங்களுக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. முழுக் கட்டணமும் கட்டிய மாணவர் இடையில் விலகினால் மீதிக் காலத்துக்கான தொகையைக் கணக்கிட்டு 10 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், படிப்பு நடக்கும்போது கட்டணத்தை உயர்த்தக்கூடாது என்று அதில் இருக்கிறது. 50 மாணவருக்கு மேல் உள்ள இடங்களுக்கானது அது, எங்களுக்குப் பொருந்தாது. ஆனாலும் விலகுகிற பிள்ளைக்கே மீதிக் காலத்துப் பணத்தைத் தரச் சொல்லும்போது, திரும்பி வரப்போகிற பிள்ளைக்குக் கழிக்காமல் இருப்பது சரியில்லை என்று முடிவு செய்தோம்.

எழுதி அனுப்பிய பதில் இது: "ஆகஸ்ட் 19 முதல் நிறுத்தியதாகக் கணக்கு. அக்டோபர் 7-க்குள் வந்தால் இதே பேட்ச், இதே கட்டணம். வராத வாரத்துக்கு 500 வீதம் நவம்பர் தவணையில் கழித்துக்கொள்வோம். டாக்டர் சீட்டின் படம் ஒன்று அனுப்புங்கள்."

டாக்டர் சீட்டு சந்தேகத்துக்காகக் கேட்டதில்லை. இவர்களுக்குக் கழித்தது தெரிந்தால் ஊருக்குப் போன பிள்ளை வீட்டிலும் கேட்பார்கள், அப்போது சொல்ல ஒரு காரணம் வேண்டும். இன்னொன்று, மஞ்சள் காமாலை என்றதும் எங்களுக்கே ஒரு கவலை. சீட்டில் ஹெபடைடிஸ் ஏ என்று இருந்தது. அது அசுத்தமான தண்ணீர், உணவு வழியாகப் பரவுவது. எங்கள் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே கேன் தண்ணீர், ஒரே டம்ளர். அன்றைக்கே டம்ளரை எடுத்துவிட்டு, வீட்டிலிருந்து காய்ச்சிய தண்ணீர் பாட்டிலில் கொண்டுவரச் சொன்னோம். பெயர் சொல்லாமல் மற்ற பெற்றோருக்கும் தகவல் அனுப்பினோம்.

அக்டோபர் 7 என்று தேதி குறித்ததற்குக் காரணம், காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற நாள் அது. டாக்டர் சொன்ன கெடுவும் ஏறத்தாழ அங்கேதான் முடிந்தது.

தாய்மாமா நன்றி சொல்லிப் பதில் போட்டார். எங்களுக்கும் நிம்மதி. இவ்வளவு நல்லபடியாக முடித்துவிட்டோமே என்றுதான் இருந்தது.

இங்கே ஒரு விஷயம். என் தம்பி ராமநாதபுரத்தில் ஜிம்முக்கு வருடச் சந்தா கட்டுகிறவன். டைபாய்டு வந்து ஒரு மாதம் படுத்துவிட்டான். ஜிம்மில் சொன்னதும் டிசம்பர் 31 என்று இருந்த கடைசித் தேதியை ஜனவரி 30 என்று மாற்றிப் புது ரசீது கொடுத்துவிட்டார்கள். அவனுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, நின்ற இடத்திலிருந்து தொடர்ந்தான். ஜிம்மில் கேட்க வேண்டியது இரண்டுதான்: கடைசித் தேதி தள்ளிப்போகுமா, தள்ளிப்போன தேதியை ரசீதில் எழுதித் தருவீர்களா. வருடத்துக்கு ஒரு முறைதான், குறைந்தது பதினைந்து நாளாவது நிறுத்த வேண்டும் என்கிற மாதிரி நிபந்தனை இருந்தால் அதையும் அப்போதே கேட்டுக்கொண்டால் சரி.

பிளஸ் டூ டியூஷனில் கடைசித் தேதியைத் தள்ள முடியாது. மார்ச்சில் பொதுத்தேர்வு. அதற்குப் பிறகு இரண்டு மாதம் இலவசமாக வா என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? நிறுத்தி வைத்த நாட்களைத் திருப்பித் தர டியூஷனில் இடமே கிடையாது. விட்டுப்போன பாடத்தை வேறு நேரத்தில் எடுத்தால் மட்டுமே உண்டு. நாங்கள் ஜிம்காரர் மாதிரி யோசித்தோம், நாளை எண்ணிப் பணத்தைக் கழித்தோம். பணம் கழிந்ததும் கணக்கு தீர்ந்த மாதிரி ஆகிவிட்டது. விட்டுப்போன பாடம் யார் பொறுப்பு என்பது அதோடு காணாமல் போனது.

திரும்பி வந்த பிறகு

சொன்னபடி அக்டோபர் 7 அன்று வந்தாள். இளைத்திருந்தாள், கண்ணில் மஞ்சள் போயிருந்தது. கையில் ரத்தப் பரிசோதனைத் தாள்: ஆகஸ்ட்டில் 7.8 இருந்த பிலிரூபின் 1.1-க்கு வந்திருந்தது. தாள் நன்றாக இருந்தாலும் உடம்பு முழுசாகத் தேறவில்லை. ஆறே முக்கால் ஆனால் பேனாவை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துவிடுவாள். முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரட்டுமா என்று அம்மா கேட்டார், சரி என்றோம். அந்த இரண்டு வாரத்துக்குக் கட்டணம் முழுசா பாதியா என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை, முழுசாகவே கணக்கானது.

தாய்மாமா ஒன்று கேட்டார். "சார், புள்ள 12-ஆம் தேதியிலயிருந்தே வரல, நாங்க சொன்னதுதான் 19. அந்த ஒரு வாரம்?" குறிப்பேட்டைப் புரட்டினேன், கோடு இருந்தது. இன்னொரு 500 கழித்தோம், நவம்பரில் 2,000 கட்டினால் போதும் என்று ஆனது. எல்லா இடத்திலும் இப்படிச் செய்ய மாட்டார்கள். பொதுவாகத் தகவல் சொன்ன நாளிலிருந்துதான் எண்ணுவார்கள், அதனால் வீட்டில் பிள்ளை படுத்த அன்றே ஒரு வரி அனுப்பிவிடுவது நல்லது. நோய் என்னவென்று தெரிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் அந்த நாட்கள் கணக்கில் வராமலே போகும்.

இனி பாடம். ஆகஸ்ட் 10 வரை கணக்கில் முதல் நாலு பாடம் முடிந்து, ஐந்தாவதான இருபரிமாணப் பகுமுறை வடிவியலில் வட்டம் வரை போயிருந்தோம். அவள் இல்லாத நாட்களில் பரவளையம், நீள்வட்டம், அதிபரவளையம், பிறகு ஆறாவது பாடமான வெக்டர் இயற்கணிதம் முழுவதும் முடிந்துவிட்டது. அவள் வந்து உட்கார்ந்த அன்று ஏழாவது பாடம், வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள்.

இயற்பியலில் விஷயம் உடனே தெரிந்துவிட்டது. அவள் விட்டது மூன்றாவது பாடமான காந்தவியல். வந்த வாரம் நடந்தது நாலாவது, மின்காந்தத் தூண்டல். காந்தப்புலம் தெரியாமல் காந்தப்பாயம் புரியாது, முதல் வகுப்பிலேயே முழித்தாள். இயற்பியல் சார் அன்றே அவளை நிறுத்தி, வாரத்தில் இரண்டு நாள் அரை மணி நேரம் முன்னால் வரச் சொல்லி, மூன்று வாரத்தில் மூன்றாவது பாடத்தின் முக்கியமான பகுதியை முடித்துவிட்டார். வேதியியலில் பெரும்பாலும் ஒரு பாடம் இன்னொன்றின் தோளில் நிற்பதில்லை, நோட்டை வாங்கி எழுதிக்கொண்டு படித்துவிட்டாள்.

கணக்கில்தான் ஏமாந்தேன். ஏழாவது பாடத்துக்கு வேண்டியது பிளஸ் ஒன்னில் படித்த வகையிடல். ஐந்தும் ஆறும் அதற்குப் பெரிதாகத் தேவையில்லை. அதனால் அவள் நன்றாகவே செய்தாள். எட்டாவதும் அப்படியே. வாரத் தேர்வில் 20-க்கு 14, 15 வாங்கினாள், நானும் பிள்ளை பிடித்துக்கொண்டாள் என்று நம்பிவிட்டேன். விட்டுப்போன பாடத்தை ஞாயிறுகளில் எடுக்கலாம் என்று மனதில் இருந்தது, ஆனால் எந்த ஞாயிறு என்று இல்லை. தீபாவளி வந்தது, போனது. நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, மண்டபம் வரை எல்லாம் தண்ணீர். அந்த வாரத்தில் மூன்று வகுப்பு போயிற்று.

மழை விட்டபின் ஒன்பதாவது பாடம், தொகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், பரப்பு காணும் பகுதிக்கு வந்தது. கரும்பலகையில் ஒரு கணக்கு போட்டேன்: y² = 4x என்ற பரவளையத்துக்கும் அதன் செவ்வகலத்துக்கும் இடைப்பட்ட பரப்பு. சுற்றி வந்து பார்க்கும்போது அவள் நோட்டைப் பார்த்தேன். பரவளையத்தை வாய் மேலே பார்த்த மாதிரி வரைந்திருந்தாள், கிண்ணம் மாதிரி. உண்மையில் அது வலப்பக்கம் திறந்திருக்க வேண்டும். செவ்வகலம் என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, பென்சிலால் அழித்து, திரும்பப் போட்டிருந்தாள். தாள் அந்த இடத்தில் கிழிகிற அளவுக்கு அழித்திருந்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்து படத்தை நானே வரைந்து, x = 1 என்ற கோட்டைப் போட்டு, 2√x என்பதை 0 முதல் 1 வரை தொகையிட்டு இரண்டால் பெருக்கு என்றேன். இரண்டே நிமிடத்தில் 8/3 என்று சரியாகப் போட்டுவிட்டாள். தொகையிடலில் குறையே இல்லை. வளைவரை எப்படி இருக்கும், எதுவரை எடுக்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை, அது ஐந்தாவது பாடம். ஆகஸ்ட் 20-ஆம் தேதி போனில் அவள் கேட்ட அதே ஐந்தாவது பாடம்.

"சார், இத நான் வரும்போதே கேக்கணும்னு நெனச்சேன். எல்லாரும் ஏழாவதுக்குப் போயிட்டாங்க, அதான் கேக்கல" என்றாள். எனக்கு ரொம்ப வருத்தமாகப் போய்விட்டது. கேட்க வேண்டியதை அவள் முதல் நாளே கேட்டுவிட்டாள், நான்தான் பதில் சொல்லவில்லை.

ஏன் இவ்வளவு நாள் தெரியாமல் போனது என்று பிறகு யோசித்தேன். இயற்பியலில் விட்ட பாடத்துக்கு அடுத்த பாடமே அதைக் கேட்டது, ஒரே நாளில் தெரிந்தது. கணக்கில் விட்ட பாடத்தை ஆறேழு வாரம் கழித்துத்தான் வேறொரு பாடம் கேட்டது. நடுவில் வந்த தேர்வெல்லாம் நடுவில் நடந்த பாடத்தில்தான், அதில் மார்க் நன்றாக இருந்ததே என்னை நம்ப வைத்தது. திரும்பி வந்த பிள்ளை ஈடுகொடுக்கிறதா என்று பார்க்க, நடக்கிற பாடத்தில் தேர்வு வைத்தால் போதாது. விட்ட பாடத்திலிருந்து நாலு சின்னக் கேள்வி கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். y² = 4x வரைந்து காட்டு என்று அக்டோபர் 7 அன்று கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

பிறகு செய்தது

டிசம்பர் முதல் வாரத்திலிருந்து ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். ஐந்தாவது பாடத்தில் மூன்று ஞாயிறு. எல்லாம் எடுக்கவில்லை. நாலு வகைப் பரவளையமும் வரைவது, நீள்வட்டம், பாலம், வளைவு மாதிரி வருகிற நடைமுறைக் கணக்குகளில் சில. அதிபரவளையத்தில் அடிப்படை மட்டும். ஆறாவது பாடத்துக்கு அரையாண்டுத் தேர்வு முடிந்து ஜனவரியில் நாலு ஞாயிறு. வெக்டர் தனியாக நிற்கிற பாடம், தேர்விலும் பெரிய கேள்வி வரும், அதனால் அதைத் தள்ளி வைத்தாலும் பரவாயில்லை, விடக்கூடாது என்று வைத்துக்கொண்டேன்.

பணம் ஏற்கெனவே கழித்தாயிற்று, அதனால் இந்த ஏழு ஞாயிறுக்கும் நாங்கள் எதுவும் கேட்கவில்லை, கேட்பதும் முறையில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு ஒரு செலவு வந்தது. ஞாயிறில் மண்டபத்திலிருந்து தனியாகப் பஸ், பெண் பிள்ளை என்பதால் கூட அம்மாவும் வந்து வாசல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் அவரிடம், நாங்கள் 4,000 கழித்ததற்குப் பதிலாக அக்டோபரிலேயே இந்த வகுப்பை எடுத்திருந்தால் எது நல்லதாக இருந்திருக்கும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அன்னிக்கிக் காசு வேணுந்தான் சார், மருந்துச் செலவு. ஆனா ரெண்டுல எதுன்னு நீங்க கேட்டிருந்தா பாதிப் பாதின்னு சொல்லியிருப்பேன்" என்றார்.

பொதுத்தேர்வு 2025 மார்ச்சில் நடந்தது. கணக்கில் 100-க்கு 71. ஆகஸ்ட்டுக்கு முன் அவள் வாங்கிக்கொண்டிருந்த மார்க்கை வைத்து நான் 80-க்கு மேல் எதிர்பார்த்திருந்தேன். வெக்டர் கேள்வியை முழுசாக எழுதியிருக்கிறாள். ஐந்தாவது பாடத்துப் பெரிய கேள்வியைத் தொடாமல் அதற்கு மாற்றாக இருந்ததை எழுதியிருக்கிறாள், அது பாதியில் நின்றிருக்கிறது. இயற்பியலில் எதிர்பார்த்தபடியே வந்தது. இப்போது ராமநாதபுரத்தில் பட்டப்படிப்பு படிக்கிறாள். உடம்பு நன்றாக இருக்கிறது.

நாங்கள் மாற்றியது

2025 ஜூன் முதல், நிறுத்தி வைக்கக் கேட்கிற வீட்டுக்கு அரைப் பக்கத் தாள் ஒன்று தருகிறோம். மேலே நிறுத்திய தேதி, திரும்ப வரும் உத்தேசத் தேதி. வராத வாரத்துக்கான தொகையில் பாதியைத் தவணையில் கழிக்கிறோம், மறு பாதியை விட்ட பாடத்தை எடுக்கிற தனி வகுப்புக்காக வைத்துக்கொள்கிறோம். முழுசாகப் பணமாகவே வேண்டும் என்றால் அதற்கும் ஒரு கட்டம் உண்டு, டிக் செய்தால் போதும். ஆஸ்பத்திரிச் செலவு இருக்கிற வீட்டுக்கு அந்த வழியும் இருக்க வேண்டும்.

அதற்குக் கீழே, பாடத்துக்கு ஒரு வரி வீதம் ஆசிரியர் கையால் எழுத வேண்டும்: நிற்கும்போது எதுவரை படித்திருக்கிறார், வரும்போது எந்தப் பாடம் நடந்துகொண்டிருக்கும், விட்டதில் எது எந்தப் பாடத்துக்கு முன்னால் முடிந்தாக வேண்டும். அவளுக்கு அன்று எழுதியிருந்தால் கணக்கு வரி இப்படி இருந்திருக்கும்: "பரவளையம், நீள்வட்டம், ஒன்பதாவது பாடம் தொடங்கும் முன். வெக்டர், ஜனவரிக்குள்." எழுத ஐந்து நிமிடம் ஆகாது. தனி வகுப்புக்குத் தேதி போடாமல் தாளில் கையெழுத்துப் போடுவதில்லை என்று மூன்று பேரும் பேசிவைத்திருக்கிறோம், மழையால் தள்ளிப்போனால் அடுத்த தேதியை அதே தாளில் எழுதுகிறோம்.

இடம் மாறிப் போகிறவர்களுக்கு இது அப்படியே பொருந்தாது என்பதும் தெரிந்தது. சென்ற ஆண்டு ஒரு பையன் வீட்டார், அப்பாவின் வேலை காரணமாக மூன்று மாதம் தூத்துக்குடியில் இருந்துவிட்டு வருவதாகச் சொல்லி நிறுத்தி வைக்கக் கேட்டார்கள். உடம்பு நன்றாக இருக்கிற பிள்ளை அங்கே சும்மா இருக்கமாட்டான், வேறு டியூஷனுக்குப் போவான், அங்கே வேறு வரிசையில் பாடம் நடக்கும். அவன் திரும்பி வரும்போது நாங்கள் எடுத்ததில் எது அவனுக்குத் தெரியும் எது தெரியாது என்று முன்கூட்டியே எழுத முடியவில்லை. அதனால் அவனுக்கு அந்த வரியைக் காலியாக விட்டு, அங்கே நடந்த பாடத்து நோட்டைக் கொண்டுவரச் சொன்னோம், வந்த அன்று பார்த்து நிரப்பினோம். நோட்டில் வெக்டர் முழுசாக இருந்தது, கலப்பு எண்கள் இரண்டு தடவை இருந்தது, பரவளையம் இல்லை.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. நோயிலிருந்து வருகிற பிள்ளை முதல் இரண்டு வாரம் பாதி நாள் வந்தால் கட்டணத்தை எப்படி எண்ணுவது? அவளுக்கு அன்று முழுசாக எண்ணினோம், யாரும் கேட்கவில்லை என்பதால். வேதியியல் சார் வந்த வகுப்புக்கு மட்டும் எண்ணலாம் என்கிறார். அப்படி எண்ணினால் உடம்பு தேறாத பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளத் தோன்றுமோ என்று எனக்குப் பயம், ஏனென்றால் அந்த இரண்டு வாரம் அவள் சுவரில் சாய்ந்தபடியாவது வந்து உட்கார்ந்ததால்தான் ஏழாவது பாடத்தைப் பிடித்தாள். இப்போதைக்குத் தாளில் அந்த இடத்தைக் காலியாக வைத்து, அந்தந்த வீட்டாரிடம் முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்கிறோம்.